தயிர் ஏன் பொங்குவதில்லை?

உணவுத் தொழில்நுட்ப வகுப்பில் நொதித்தல் பாடத்தை ஆரம்பிக்கும் நாளில் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. இரவு ஒரு பாத்திரத்தில் பாலுக்கு உறை ஊற்றுகிறீர்கள். பக்கத்துப் பாத்திரத்தில் இட்லிக்கு அரைத்த மாவை வைக்கிறீர்கள். இரண்டிலும் வேலை செய்வது லாக்டிக் அமிலப் பாக்டீரியாதான், காலையில் இரண்டுமே புளித்திருக்கின்றன. ஆனால் பால் ஊற்றிய மட்டத்திலேயே கெட்டியாகி நிற்கிறது. மாவோ மூடியைத் தள்ளிக்கொண்டு மேடையில் வழிந்து கிடக்கிறது. ஏன்?

"மாவுல ஈஸ்ட் இருக்கு சார்" என்று வகுப்பில் பாதிப்பேர் சொல்வார்கள். பாடப் புத்தகத்தில் ரொட்டியைப் படித்துவிட்டு வந்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். பொங்கினால் ஈஸ்ட், புளித்தால் பாக்டீரியா என்று மனம் இரண்டு பெட்டி போட்டு வைத்திருக்கிறது. அந்தப் பெட்டிகளை உடைக்காமல் தேர்வில் 'காரணம் கூறுக' கேள்விக்குச் சரியான விடை எழுத முடியாது.

விடை குளுக்கோஸில் இருக்கிறது. குளுக்கோஸ் மூலக்கூறு ஆறு கார்பன் கொண்ட சங்கிலி. அதை எந்த இடத்தில் வெட்டுகிறார்கள் என்பதுதான் கதை.

தயிர்ப் பாக்டீரியாவிடம் ஆல்டோலேஸ் என்ற நொதி உண்டு. அது ஆறு கார்பனைச் சரிபாதியாக, மூன்றும் மூன்றுமாக வெட்டும். ஒவ்வொரு பாதியும் பைருவிக் அமிலமாகி, கடைசியில் லாக்டிக் அமிலமாகிறது. லாக்டிக் அமிலத்திலும் கார்பன் மூன்றுதான். ஆக, ஆறு கார்பன் உள்ளே போனால் இரண்டு லாக்டிக் அமிலமாக ஆறு கார்பனும் வெளியே வந்துவிடுகின்றன. ஒரு கார்பன்கூட மிச்சமில்லை. கரியமில வாயு உண்டாவதற்கு உதிரியாக ஒரு கார்பன் வேண்டுமே, அது இங்கே இல்லை. வாயு இல்லையென்றால் பொங்கலும் இல்லை.

ஈஸ்டும் முதலில் இதே மூன்று-மூன்று வெட்டைத்தான் போடுகிறது. ஆனால் பைருவிக் அமிலம் வரை வந்ததும், அதன் மூன்று கார்பனில் ஒன்றைக் கரியமில வாயுவாகக் கழற்றிவிட்டு மற்ற இரண்டையும் சாராயமாக மாற்றுகிறது. இரண்டு பாதிகளுக்குமாக இரண்டு வாயு, இரண்டு சாராயம்.

மூன்றாவது வழியை லூகோனோஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் பின்பற்றுகின்றன. இவற்றிடம் ஆல்டோலேஸ் இல்லை, ஆகவே சரிபாதியாக வெட்ட வழியில்லை. முதலில் நுனிக் கார்பனைக் கரியமில வாயுவாகக் கிள்ளி எறிகின்றன. மீதி ஐந்து. அதை பாஸ்போகீட்டோலேஸ் என்ற நொதி மூன்றும் இரண்டுமாக வெட்டுகிறது. மூன்று கார்பன் துண்டு லாக்டிக் அமிலமாகிறது, இரண்டு கார்பன் துண்டு சாராயமாகவோ அசிட்டிக் அமிலமாகவோ போகிறது. ஒரே உயிர், ஒரே குளுக்கோஸ்: புளிப்பும் வருகிறது, வாயுவும் வருகிறது. சரிபாதி வெட்டும் கூட்டத்தைப் பாடத்தில் ஒருவழி நொதிப்பிகள் என்றும் இந்தக் கூட்டத்தைக் கலப்பு நொதிப்பிகள் என்றும் பிரித்துச் சொல்கிறோம். பெயர் மறந்தாலும் பரவாயில்லை. மூன்று-மூன்று, ஒன்று-மூன்று-இரண்டு என்ற கணக்கு மறக்கக் கூடாது.

கலப்பு வழியில் போகிறவருக்கு நஷ்டமும் உண்டு. சரிபாதி வெட்டினால் ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு ஏடிபி கிடைக்கும். கலப்பு வழியில் சாராயம்வரை போனால் ஒன்றுதான்.

இனி தயிருக்கு வருவோம். கடையில் யோகர்ட் என்று விற்பதில் இரண்டு பாக்டீரியாக்கள் கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன. ஒன்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ். இன்னொன்று லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸ். பல்கேரிய மருத்துவர் ஸ்டாமென் கிரிகோரோவ் ஸ்விட்சர்லாந்தின் ஜெனீவாவில் 1905இல் தன் ஊர்த் தயிரை ஆராய்ந்தபோது அடையாளம் கண்டதால் வந்த பெயர் அது. பல்கேரிகஸ் பால் புரதத்தை நறுக்கிச் சிறு துண்டுகளாக்கும், அந்தத் துண்டுகள் தெர்மோஃபிலஸுக்குச் சாப்பாடு. பதிலுக்கு தெர்மோஃபிலஸ் ஃபார்மிக் அமிலத்தையும் கொஞ்சம் கரியமில வாயுவையும் தருகிறது, அவை பல்கேரிகஸை வேகமாக வளரவைக்கும். வாயுவே இல்லை என்று சொன்னீர்களே என்று கூர்மையான மாணவர் இங்கே மடக்குவார். அந்த வாயு சர்க்கரையிலிருந்து வருவதில்லை, பாலில் இயல்பாக உள்ள யூரியாவை உடைப்பதால் வருவது. அதுவும் பாலிலேயே கரைந்துவிடும் அளவுதான்.

நம் வீட்டுத் தயிர் இதிலிருந்து வேறு. யோகர்ட் 42, 43 டிகிரி செல்சியஸில் நாலைந்து மணி நேரத்தில் உறைகிறது. நாம் வெதுவெதுப்பான பாலில் உறைமோர் விட்டு அறைச் சூட்டில் ராத்திரி முழுக்க வைக்கிறோம். அந்தச் சூட்டில் லாக்டோகாக்கஸ் போன்ற மிதவெப்பப் பாக்டீரியாக்கள் முன்னுக்கு வருகின்றன. அவையும் பெரும்பாலும் சரிபாதி வெட்டும் கூட்டம்தான். எப்போதாவது தயிருக்குள் ஊசி குத்தியதுபோல் ஓட்டைகள் தெரிந்தால், மேலே நுரைத்திருந்தால், கலப்பு நொதிப்பிகளோ ஈஸ்டோ அசுத்தத்திலிருந்து வந்த கோலிஃபார்மோ உள்ளே நுழைந்திருக்கிறது என்று பொருள். வாசனை கெட்டிருந்தால் கொட்டிவிடுவதே நல்லது.

பால் ஏன் உறைகிறது என்பதையும் இங்கேயே முடித்துவிடலாம். பாலின் பி.எச். 6.6 அளவில் இருக்கும். கேசீன் புரதம் நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வோர் உருண்டையின் மேலும் எதிர் மின்னூட்டம் கொண்ட புரத முடிகள் சிலிர்த்து நிற்பதால் ஒன்று மற்றொன்றை நெருங்கவிடாது. அமிலம் ஏற ஏற அந்த மின்னூட்டம் அடங்குகிறது, உருண்டையை உள்ளே பிணைத்திருந்த கால்சியம் பாஸ்பேட் கரைந்து வெளியேறுகிறது. பி.எச். 4.6ஐ நெருங்கும்போது கேசீனின் நிகர மின்னூட்டம் சுழியாகி, உருண்டைகள் ஒன்றோடொன்று கைகோத்து வலை பின்னிவிடுகின்றன. தண்ணீர் அந்த வலைக்குள் சிக்கிக்கொள்கிறது. பாலை நன்றாகக் காய்ச்சி ஆறவைத்தால் தயிர் கெட்டியாவது ஏன் என்றால், சூட்டில் பிரிந்த மோர்ப் புரதம் கேசீன் உருண்டையின் மேல் ஒட்டிக்கொண்டு வலையை இன்னும் நெருக்கமாக்குகிறது. காய்ச்சாத பாலில் உறைந்த தயிரைச் சாய்த்தால் தண்ணீர் பிரிவது அதனால்தான்.

இப்போது இட்லி. இதை நான் கொஞ்சம் நின்று பேசுவேன், ஏனென்றால் மூன்றிலும் விசித்திரமானது இதுதான். ஈஸ்ட் சேர்ப்பதில்லை, ரொட்டிபோல் கோதுமைப் பசை இல்லை, சோடா போடுவதில்லை. ஆனாலும் பஞ்சு.

1965இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. எஸ்.கே. முகர்ஜி, பெடர்சன், ஸ்டைன்கிரவுஸ் முதலானோர் செய்தது. இதுவும் ஒரு ஜெனீவாவில்தான், ஆனால் நியூயார்க் மாநிலத்து ஜெனீவா. மாவு புளிக்கப் புளிக்க எந்தப் பாக்டீரியா எப்போது பெருகுகிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். மாவைப் பொங்கவைப்பது லூகோனோஸ்டாக் மெசென்டெராய்டஸ் என்று கண்டார்கள். கூடவே எண்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் வளர்ந்து புளிப்பைக் கூட்டுகிறது. அமிலம் நன்றாக ஏறிய பிறகு பீடியோகாக்கஸ் தலைகாட்டுகிறது. பிற்பாடு வந்த ஆய்வுகளில் ஈஸ்ட் வகைகளும் மாவில் அகப்பட்டிருக்கின்றன, இருப்பது உண்மைதான். ஆனால் பொங்குவதற்கு அவை கட்டாயமில்லை.

இந்தப் பாக்டீரியா யார் வீட்டிலிருந்து வந்தது? அரிசியோடும் உளுந்தோடும் வந்தது. நாம் கழுவுவதில் எல்லாம் போய்விடுவதில்லை, ஊறும் நேரத்திலேயே அவை பெருக ஆரம்பித்துவிடுகின்றன. மாவைக் கரைப்பவரின் கைராசியைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வதை நான் மறுத்து வாதிடுவதில்லை. ஆனால் கை தரும் பெரிய உதவி உப்பைச் சீராகக் கலப்பதும் காற்றைச் சேர்ப்பதும்தான். அந்தக் காற்றுக்கு ஒரு முக்கிய வேலை உண்டு, வருகிறேன்.

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். 400 கிராம் இட்லி அரிசி, 100 கிராம் உளுந்து. தண்ணீர் சேர்த்து அரைத்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் மாவு, அதில் 700 மில்லி தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். காலையில் மாவு இரு மடங்காக வேண்டும். அதாவது ஒரு லிட்டர் வாயு மாவுக்குள் தங்க வேண்டும். அதற்கு முன்னால் இன்னொரு செலவு இருக்கிறது. கரியமில வாயு தண்ணீரில் கரையும். 30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான வாயுவை விழுங்கிவிடும். நம் 700 மில்லி தண்ணீர் அரை லிட்டரை விழுங்கும். ஆக மொத்தம் ஒன்றரை லிட்டர் வாயு தேவை. கலப்பு வழியில் ஒரு கிராம் குளுக்கோஸ் ஏறத்தாழ 138 மில்லி வாயு தரும். ஒன்றரை லிட்டருக்கு 11 கிராம் குளுக்கோஸ் வேண்டும். உளுந்தில் கரைந்திருக்கும் சர்க்கரைகளும், அரைக்கும்போது அடிபட்ட அரிசி மாவுச்சத்திலிருந்து நொதிகள் பிரித்துத் தரும் சர்க்கரையும் சேர்ந்துதான் இதை ஈடுகட்டுகின்றன. வாயு கொஞ்சமும் வெளியே தப்பாது என்று வைத்துப் போட்ட கணக்கு இது, நிஜத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும்.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு விஷயம் புரியும். மாவு முதல் சில மணி நேரம் அசையாமல் கிடப்பது ஒரு பக்கம் பாக்டீரியா பெருகுவதற்கு, இன்னொரு பக்கம் முதலில் வரும் வாயு தண்ணீரில் கரைந்து காணாமல் போவதற்கு. தண்ணீர் நிறைந்த பிறகே மாவு எழும்பும். அப்புறம், அந்த 11 கிராம் குளுக்கோஸ் வாயுவோடு கூடவே அஞ்சரை கிராம் அளவுக்கு லாக்டிக் அமிலத்தையும் தந்திருக்கும். பொங்கலையும் புளிப்பையும் இங்கே தனித்தனியாக வாங்க முடியாது. சரிபாதி வெட்டும் பாக்டீரியா அதே 11 கிராமைத் தின்றிருந்தால் 11 கிராம் அமிலம் வந்திருக்கும், மாவு வைத்த இடத்திலேயே இருந்திருக்கும். ஒரு லிட்டர் பால் தயிராகும்போது எட்டொன்பது கிராம் அமிலம் உண்டாகிறது. இட்லி மாவைவிட அதிக வேலை நடந்திருக்கிறது, மட்டம் மட்டும் ஏறவில்லை.

மாவு எழும்பவில்லை என்று தயிர் கலக்கிறார்களே, அதன் விளைவும் இப்போது தெரியும். மாவு சீக்கிரம் புளிக்கும். பொங்குவது தயிரில் தற்செயலாகக் கலப்பு நொதிப்பி இருந்தால்தான். குளிர்காலத்தில் மாவைச் சூடான இடத்தில் வைப்பதிலும் இதே பொறி உண்டு. லூகோனோஸ்டாக்குக்குப் பிடித்தது 30 டிகிரிக்கு உட்பட்ட இதமான சூடு. யோகர்ட் தயாரிக்கும் கருவியில் 42 டிகிரியில் மாவை வைத்தால் லூகோனோஸ்டாக் சோர்ந்துபோகும், வெப்பம் தாங்கும் அமிலக்காரர்கள் புகுந்து விளையாடுவார்கள். விடிந்தால் புளித்த, தட்டையான மாவு. மாவு எழும்பவும் இல்லை புளிக்கவும் இல்லை என்றால் குளிர் காரணம். புளித்தும் எழும்பவில்லை என்றால் தவறான பாக்டீரியா ஜெயித்திருக்கிறது, அல்லது வாயு தங்காமல் ஓடிவிட்டது. இந்த வித்தியாசத்தை நாக்கில் ஒரு துளி வைத்தே சொல்லிவிடலாம்.

வாயு தங்குவது உளுந்தின் வேலை. நல்ல உளுந்து அரைத்தால் 'காணும்' என்பார்கள், ஒரு கைப்பிடி போட்டால் கிரைண்டர் நிறைய வெண்ணெய்போல் எழும்பும். அப்போது பாக்டீரியா இன்னும் வேலையைத் தொடங்கவே இல்லை. எழும்பியது காற்று. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் சுசீலம்மாவும் ராவும் 1970களில் இதை ஆராய்ந்தார்கள். உளுந்தின் குளோபுலின் புரதம் குமிழியின் பரப்பில் படர்ந்து நுரையை உண்டாக்குகிறது, அராபினோகாலக்டன் என்ற வழவழப்பான சர்க்கரைச் சங்கிலி அந்த நுரை உடையாமல் காக்கிறது. உளுந்தின் கொழகொழப்பு இதுதான். பாசிப்பருப்பில் இட்லி வராததற்கும், உளுந்தை அரிசியோடு ஒன்றாகப் போட்டு அரைத்தால் கல்லாவதற்கும் விளக்கத்தை இந்தப் பக்கத்திலிருந்து தேட வேண்டும்.

காற்றின் வேலை என்று சொன்னேன் அல்லவா? கரைந்த கரியமில வாயு தானாக ஒரு புதுக் குமிழியைத் திறப்பது மிகக் கடினம். ஏற்கெனவே இருக்கும் காற்றுக் குமிழிக்குள் புகுந்து அதைப் பெரிதாக்குவதுதான் அதற்குச் சுலபம். அரைக்கும்போது எத்தனை நுண்குமிழிகள் சேர்ந்தனவோ அத்தனை வீடுகள்தான். மிக்சியில் அரைத்தால் சூடேறும், உளுந்தும் அந்த அளவுக்குக் காணாது. இட்லியின் துளைகள் பெரிதாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் முதல்நாள் மாலையே நடந்துவிட்டது.

கொப்பரையில் ஏற்றியதும் கரைந்திருந்த வாயுவும் வெளியே வருகிறது, குமிழிகள் விரிகின்றன. அதே சமயம் அரிசியின் மாவுச்சத்து வெந்து கெட்டியாகி, விரிந்த நிலையிலேயே உறைந்துவிடுகிறது. மாவை அதிக நேரம் புளிக்கவிட்டால், லூகோனோஸ்டாக் அமிலம் தாங்காமல் ஒதுங்கிவிடும், வாயு நிற்கும். அமிலத்தில் உளுந்துப் புரதம் திரள ஆரம்பித்து குமிழிச் சுவர் பலவீனமாகும். பாத்திரத்தின் ஓரத்தில் மாவு ஏறி இறங்கிய தடம் தெரியும். அந்தத் தடத்தைப் பார்த்தால் தோசைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

புளிமாவு ரொட்டி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கோதுமை மாவையும் தண்ணீரையும் கலந்து நாள்தோறும் பாதியை எடுத்துவிட்டுப் புது மாவு சேர்த்துக்கொண்டே வந்தால், ஈஸ்டும் பாக்டீரியாவும் சேர்ந்த ஒரு கூட்டம் நிலைபெறும். பாக்டீரியா நூறு என்றால் ஈஸ்ட் ஒன்று என்ற அளவில் இருக்கும், ஆனாலும் வாயுவில் பெரும்பங்கு ஈஸ்டுடையது. ஈஸ்டின் செல் உருவத்தில் பல மடங்கு பெரியது, ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு வாயு தருவதும் அதுதான்.

சான் பிரான்சிஸ்கோ நகரத்துப் புளிமாவு ரொட்டியை அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் கிளைனும் சுகிஹாராவும் 1970களின் தொடக்கத்தில் ஆராய்ந்தார்கள். அதில் ஒரு கேள்வி அவர்களைக் குடைந்தது. இத்தனை புளிப்பில் ஈஸ்ட் எப்படிப் பிழைக்கிறது? ஒரே சர்க்கரைக்கு இரண்டு பேரும் அடித்துக்கொள்ளவில்லையா? கண்ட விடை அழகானது. கோதுமை மாவில் நொதிகள் மாவுச்சத்தை உடைத்து மால்டோஸ் தருகின்றன. மால்டோஸ் என்பது இரட்டைக் குளுக்கோஸ். அந்த ரொட்டியின் ஈஸ்டுக்கு மால்டோஸை உண்ணத் தெரியாது. பாக்டீரியாவுக்கோ மால்டோஸ்தான் உயிர். பிறகு அந்தப் பாக்டீரியாவுக்கு ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள், இன்று ஃப்ரக்டிலாக்டோபேசில்லஸ் சான்ஃபிரான்சிஸென்சிஸ் என்கிறோம். அது மால்டோஸை இரண்டாக்கி, ஒரு குளுக்கோஸைத் தான் வைத்துக்கொண்டு மற்றதைப் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடுகிறது. ஈஸ்ட் அதை எடுத்துக்கொள்கிறது. அந்த ஈஸ்ட் அசிட்டிக் அமிலத்தையும் நன்றாகத் தாங்கும்.

அசிட்டிக் அமிலம் எங்கிருந்து வந்தது? கலப்பு வழியில் மிச்சமான அந்த இரண்டு கார்பன் துண்டை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அதைச் சாராயமாக்குவது பாக்டீரியாவின் ஆசையால் அல்ல, சர்க்கரையிலிருந்து பிடுங்கிய ஹைட்ரஜனை எங்காவது இறக்கிவைக்க வேண்டிய கட்டாயத்தால். மாவில் ஃப்ரக்டோஸ் கிடைத்தால் ஹைட்ரஜனை அதன்மேல் ஏற்றி மேனிட்டாலாக்கிவிடும். சுமை இறங்கியதால் இரண்டு கார்பன் துண்டு அசிட்டிக் அமிலமாகப் போகலாம், கூடுதலாக ஓர் ஏடிபி லாபம். புளிமாவு ரொட்டியில் வினிகர் நெடி வருவதும் தயிரில் அது வராததும் இந்தக் கணக்கால்தான்.

தயிருக்கு நேற்றைய தயிரிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வைக்கிறோம். ரொட்டிக்காரர் நேற்றைய புளிமாவைப் பாதுகாக்கிறார். இட்லிக்கு மட்டும் அப்படி யாரும் உறை எடுத்து வைப்பதில்லை, வாரத்துக்கு இரண்டு முறை அரைத்தாலும் புதிதாகத்தான் தொடங்குகிறோம். போன ஆண்டு ஒரு மாணவி எழுந்து இதைக் கேட்டாள். தயிரிலும் புளிமாவிலும் கடைசிவரை நின்று ஜெயிப்பவர்தான் நமக்குத் தேவையானவர், ஆகவே முடிவிலிருந்து எடுத்தால் சரியான ஆள் வந்துவிடுவார். இட்லி மாவில் நமக்கு வேண்டிய லூகோனோஸ்டாக் நடுவில் வந்து போகிறவர். முழுக்கப் புளித்த பழைய மாவை ஒரு கரண்டி கலந்தால் அதில் மிஞ்சியிருப்பது அமிலம் தாங்கிய கடைசி ஆட்கள். மாவு வேகமாகப் புளிக்கும், ஆனால் லூகோனோஸ்டாக் வாயு விடக் கிடைக்கும் நேரம் சுருங்கும். கலந்தே ஆக வேண்டுமென்றால் பொங்கிக்கொண்டிருக்கும் மாவிலிருந்து எடுக்க வேண்டும். "அப்போ வழிஞ்சு மேடையில கிடக்குதே, அதை எடுத்தா?" என்று கேட்டாள். அறிவியல்படி அதுதான் சரியான மாவு என்றேன்.